5,400 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர்? தொடர்பு நேரத்தைக் கணக்கில் சேர்ப்பது எப்படி?

கூரைத்தொட்டி:
பன்னிரண்டு வீடுகளுக்குப் பொதுவான கான்கிரீட் தொட்டி ஒன்றைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. உட்புற நீளம் 2.4 மீட்டர், அகலம் 1.8 மீட்டர், உயரம் 1.5 மீட்டர். திறந்த கிணற்றிலிருந்து காலையில் ஒரு முறை நிரப்புகிறோம். அந்த நீர் இரவு வரை வீடுகளுக்குப் போகிறது. பிளீச்சிங் பவுடர் மூட்டை சில வாரங்களுக்கு முன்பே பிரிக்கப்பட்டது. மூட்டையின் வாயைக் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். கேட்பவர் ஒவ்வொருவரும் ஆயிரம் லிட்டருக்கு ஓர் அளவு சொல்கிறார்கள், ஆனால் அந்த அளவு எந்தத் தண்ணீருக்கு, எவ்வளவு நேரத்துக்கு என்று யாரும் சொல்வதில்லை. நீரை அரை மணி நேரம் நிறுத்தி வைக்க முடியும்; தேவையென்றால் ஒரு மணி நேரமும் முடியும். அப்படி நேரத்தைக் கூட்டினால் பவுடரை எவ்வளவு குறைக்கலாம் என்பதுதான் என் கேள்வி.

அளவுகோல்:
இது எளிய கணக்கு. ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 1 கிராம் குளோரின். பிரித்துச் சில வாரங்கள் ஆன பவுடரில் குளோரின் 25 சதவீதம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 1 கிராம் குளோரினுக்கு 4 கிராம் பவுடர் வேண்டும். கிணற்று நீருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் போதும், அதாவது ஆயிரம் லிட்டருக்கு 8 கிராம். உங்கள் தொட்டி 2.4 × 1.8 × 1.5 = 6.48 கன மீட்டர், அதாவது 6,480 லிட்டர். ஆகவே ஏறத்தாழ 52 கிராம்.

நேரத்தைப் பொறுத்தவரை, கிருமியைக் கொல்வது செறிவும் நேரமும் சேர்ந்த பெருக்கல் தொகை. லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் 30 நிமிடம் இருந்தால் பெருக்கல் தொகை 15. ஒரு மணி நேரம் விட்டால் பாதிச் செறிவே அதே 15-ஐத் தந்துவிடும். எனவே ஒரு மணி நேரம் நிறுத்த முடிந்தால் 26 கிராம் போட்டால் போதும்.

நீர்ச்சோதகர்:
அளவுகோல் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில் ஒரு தாவல் இருக்கிறது. செறிவையும் நேரத்தையும் பெருக்குவது முறையான வழிதான், ஆனால் அங்கே பெருக்கப்பட வேண்டிய செறிவு நீங்கள் போட்ட குளோரின் அன்று, நீரில் மிஞ்சி நிற்கும் குளோரின். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 0.5 மில்லிகிராமும் குறைந்தது 30 நிமிடத் தொடர்புக்குப் பிறகு மிஞ்சியிருக்க வேண்டிய அளவே. அதுவும் நீரின் பிஹெச் 8-க்குக் கீழே இருந்தால்தான்.

போட்ட குளோரினில் ஒரு பகுதியை நீரே விழுங்கிவிடுகிறது. கரைந்திருக்கும் இரும்பு, மக்கிய இலைச்சத்து, அம்மோனியா, கலங்கலில் ஒட்டியிருக்கும் கரிமப் பொருள் ஆகிய எல்லாம் தத்தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதே கிருமிகளுக்குப் போகிறது. உதாரணமாக, உங்கள் நீர் 1.4 மில்லிகிராமை விழுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 மில்லிகிராம் போட்டால் 0.6 மிஞ்சும். பவுடரைப் பாதியாக்கி 1 மில்லிகிராம் போட்டால் 0.3 மிஞ்சாது, ஒன்றுமே மிஞ்சாது. அந்த நீரை ஒரு மணி நேரம் விட்டாலும் ஒரு நாள் விட்டாலும் பெருக்கல் தொகை கூடாது.

அதோடு, நீர் விழுங்கும் அளவும் நிலையாக நிற்பதில்லை. முதல் சில நிமிடங்களில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் அது கூடிக்கொண்டே போகும். எனவே கூரைத்தொட்டி அவர்களே, உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில், உங்கள் கிணற்று நீரைச் சோதிக்காமல் யாரும் அளவு சொல்ல முடியாது என்பதே. இன்னொன்றையும் கேட்க வேண்டும்: 1.5 மீட்டர் என்பது சுவரின் உயரமா, நீர் நிற்கும் உயரமா?

துலக்கல்:
இங்கே எல்லோரும் ஏன் இவ்வளவு குறைவாகச் சொல்கிறீர்கள் என்று புரியவில்லை. நாங்கள் தொட்டியைத் தேய்த்துக் கழுவிய பிறகு லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற கணக்கில் போட்டு இரவு முழுவதும் விட்டுவிடுவோம். 5,000 லிட்டர் தொட்டிக்கு ஒரு கிலோ பவுடர் ஆகிறது. 52 கிராம் போட்டால் பாசிகூடப் போகாதே.

நீர்ச்சோதகர்:
துலக்கல், நீங்கள் சொல்வது தொட்டியைக் கிருமிநீக்கம் செய்யும் அளவு. அந்த வேலைக்கு அது பொருந்தும். ஆனால் அந்த நீரை மறுநாள் முழுவதும் வெளியேற்றிவிட்டுத்தானே புதிய நீரை நிரப்புகிறீர்கள்? இங்கே கேட்கப்படுவது குடிக்கப்போகும் நீருக்கான அளவு. குடிநீரில் குளோரினுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு மதிப்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம். நீங்கள் போடுவது அதைப் போல் பத்து மடங்கு. இழையைப் பாதியில் படிக்கும் ஒருவர் இந்த ஒரு கிலோவை எடுத்துத் தினமும் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதைப் பிரித்துச் சொல்கிறேன்.

கூரைத்தொட்டி:
துலக்கல் சொன்ன கழுவும் வேலை சென்ற மாதமே முடிந்தது, நன்றி. 1.5 மீட்டர் என்பது சுவரின் உயரம்தான். இன்று மேலே ஏறி அளந்தேன். நீர் நிரம்பி வழியும் குழாயின் அடிவிளிம்பு தரையிலிருந்து 1.25 மீட்டரில் இருக்கிறது. அதற்கு மேல் நீர் ஏறாது. எனவே 2.4 × 1.8 × 1.25 = 5.4 கன மீட்டர், 5,400 லிட்டர். நிறச்சோதனைப் பெட்டி ஒன்றும் வாங்கியிருக்கிறேன். மாத்திரையைப் போட்டால் நீர் இளஞ்சிவப்பாகிறது. சோதனையை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நீர்ச்சோதகர்:
நீங்கள் வாங்கியது டிபிடி வகை, நல்லது. வாளிகளை வைத்துச் செய்யும் சோதனை இதற்குப் போதும்.

முதலில் தாய்க் கரைசல். பிளாஸ்டிக் பாத்திரத்தில் 40 கிராம் பவுடரை எடுத்து, சிறிது நீர் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு மொத்தம் ஒரு லிட்டர் ஆகும்வரை நீர் சேர்த்துக் கலக்கிவிடுங்கள். காற்றோட்டமான இடத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டு செய்யுங்கள். எந்த அமிலமும் அருகில் இருக்கக் கூடாது. கால் மணி நேரத்தில் சுண்ணாம்பு அடியில் படியும். மேலே நிற்கும் தெளிந்த கரைசலை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருந்தால் இது ஒரு சதவீதக் கரைசல். ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் குளோரின் இருக்கும்.

அடுத்து, மூடியுள்ள நான்கு பிளாஸ்டிக் வாளிகளில் கிணற்று நீரை மோட்டார் குழாயிலிருந்தே நேராகப் பிடித்து, ஒவ்வொன்றிலும் சரியாக 20 லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போடும் சிரிஞ்சால் தாய்க் கரைசலை முறையே 2, 3, 4, 5 மில்லிலிட்டர் விட்டு நன்றாகக் கலக்கி, மூடி, நிழலில் வையுங்கள். வெயில் பட்டால் குளோரின் சிதைந்து, உங்கள் தொட்டியின் இருட்டில் நடக்காத ஒன்றை வாளி காட்டும். 20 லிட்டரில் 1 மில்லிலிட்டர் என்பது லிட்டருக்கு அரை மில்லிகிராம். ஆகவே நான்கு வாளிகளிலும் 1, 1.5, 2, 2.5 மில்லிகிராம் போட்டிருப்பீர்கள். 30-ஆவது நிமிடத்திலும் 60-ஆவது நிமிடத்திலும் மிஞ்சியதை அளந்து எழுதுங்கள்.

இந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பவுடரின் வீரியம் உண்மையில் 25 சதவீதமா, 18 சதவீதமா என்ற கவலையே வேண்டியதில்லை. புதிய பவுடரில் 33 சதவீதத்தை ஒட்டி இருக்கும் குளோரின், ஈரத்திலும் வெப்பத்திலும் தானே குறைந்துகொண்டு போகும். எவ்வளவு குறைந்தது என்பது பார்த்தால் தெரியாது. ஆனால் வாளிக்கும் தொட்டிக்கும் ஒரே கரைசலைப் பயன்படுத்தும்போது, எந்த வாளி சரியான மீதத்தைக் காட்டுகிறதோ அந்த மில்லிலிட்டரை 20 லிட்டரிலிருந்து 5,400 லிட்டருக்குப் பெருக்கினால் போதும். பவுடர் செத்துப்போயிருந்தால் எல்லா வாளிகளும் பூஜ்யம் காட்டிவிடும்.

கூரைத்தொட்டி:
செய்து பார்த்தேன். 30 நிமிடத்தில் முதல் வாளியில் நிறமே வரவில்லை, இரண்டாவதில் 0.2, மூன்றாவதில் 0.6; நான்காவதில் 1.0. ஒரு மணி நேரத்தில் இரண்டாவது 0.1 ஆகவும், மூன்றாவது 0.4 ஆகவும், நான்காவது 0.8 ஆகவும் இறங்கிவிட்டன. பெட்டியின் நிற அட்டையைக் கண்ணால் ஒப்பிட்டுத்தான் சொல்கிறேன். சற்று முன்பின் இருக்கலாம்.

அளவுகோல்:
இந்த எண்களும் என் பக்கம்தான் பேசுகின்றன. மூன்றாவது வாளியில் ஒரு மணி நேர முடிவில் 0.4 மிஞ்சியிருக்கிறது. 0.4 × 60 = 24. தேவை 15 மட்டுமே. எனவே நேரத்தைக் கூட்டினால் பவுடர் குறையும் என்று நான் சொன்னது தவறாகிவிடவில்லை.

நீர்ச்சோதகர்:
குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. பாதியாகும் என்பதைத்தான் மறுத்தேன். உங்கள் வாதத்தைக் கடைசிவரை கொண்டுபோய்ப் பார்ப்போம். ஒரு மணி நேரத்தில் 15 கிடைக்க, முடிவில் 0.25 மிஞ்சினால் போதும் என்று கொள்வோம். இரண்டாவது வாளியில் 0.1, மூன்றாவதில் 0.4, இரண்டுக்கும் நடுவில் பார்த்தால் 0.25 மிஞ்சுவதற்கு லிட்டருக்கு 1.75 மில்லிகிராம் போட வேண்டும். அதாவது வாளிக்கு மூன்றரை மில்லிலிட்டர். தொட்டிக்குக் கணக்கிட்டால் 945 மில்லிலிட்டர் கரைசல், பவுடராகச் சொன்னால் ஏறத்தாழ 38 கிராம்.

அரை மணி நேரத்துக்கு மூன்றாவது வாளியை எடுத்துக்கொண்டால் 4 ÷ 20 × 5,400 = 1,080 மில்லிலிட்டர்; பவுடராக 43 கிராம். ஆக, முப்பது நிமிடம் கூடுதலாகக் காத்திருந்து மிச்சப்படுத்துவது ஐந்து கிராம். நீங்கள் சொன்ன 26 கிராமைப் போட்டிருந்தால் 5,400 லிட்டரில் அது லிட்டருக்கு 1.2 மில்லிகிராம் ஆகியிருக்கும். முதல் வாளிக்கும் இரண்டாவது வாளிக்கும் நடுவில், ஒரு மணி நேர முடிவில் மீதம் இல்லாத இடம் அது.

பன்னிரண்டு வீட்டுக்கான நீரில் ஐந்து கிராமுக்காக மீதத்தை 0.25-க்கு இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கூடுதல் நேரம் கிடைத்தால் அதை ஒரு காப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பவுடரை அதைக் காரணம் காட்டிக் குறைக்காதீர்கள். நீர் குளிர்ந்திருக்கும் காலத்தில் குளோரின் மெதுவாகவே வேலை செய்யும். பிஹெச் 8-ஐத் தாண்டினாலும் அப்படித்தான். அப்போது அந்தக் கூடுதல் அரை மணி நேரம் உங்களுக்குத் தேவைப்படும்.

தொட்டியில் ஊற்றும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கணக்கு சரியாக இருந்தும் காரியம் கெடும் இடம் அதுதான். பவுடரை நேராகத் தொட்டியில் கொட்டினால் சுண்ணாம்போடு பாதி அடியில் படிந்துவிடும். தெளிந்த கரைசலையும் நிரம்பிய தொட்டியின் மேல் ஊற்றினால் அது ஒரு மூலையிலேயே நிற்கும், கலக்க ஆளில்லை. தொட்டி கால் பங்கு நிரம்பியிருக்கும்போது, நீர் விழும் இடத்திலேயே கரைசலை ஊற்றுங்கள். மீதி நீர் விழும் வேகமே கலக்கிவிடும். வெளியேறும் வால்வு மூடியிருக்கட்டும். மோட்டாரை நிறுத்திய நிமிடத்திலிருந்து முப்பது நிமிடத்தை எண்ணுங்கள், ஊற்றிய நிமிடத்திலிருந்து அன்று.

கூரைத்தொட்டி:
1,080 மில்லிலிட்டருக்கு ஒரு சந்தேகம். 43 கிராம் பவுடரை அளந்து கரைத்து, தெளிந்ததை ஊற்றினால் போதாதா? கரைசலை அளப்பதைவிட அது எளிது.

நீர்ச்சோதகர்:
போதாது. அடியில் படியும் சுண்ணாம்புச் சேறு கொஞ்சம் கரைசலைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். அந்தக் குளோரின் தொட்டிக்குப் போகாது. எனவே 80 கிராமில் இரண்டு லிட்டர் கரைசல் செய்து, அதில் தெளிந்த 1,080 மில்லிலிட்டரை அளந்து எடுங்கள். மீதியை மூடிய பிளாஸ்டிக் புட்டியில் இருட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, பயன்படுத்தும் முன் ஒரு வாளியிலாவது சோதித்துக்கொள்ள வேண்டும்.

கூரைத்தொட்டி:
நேற்றும் இன்றும் 1,080 மில்லிலிட்டர் ஊற்றினோம். முப்பது நிமிடத்தில் தொட்டிக்குக் கீழே உள்ள முதல் குழாயில் 0.5 வந்தது. வாளி காட்டிய 0.6-ஐவிடச் சற்றுக் குறைவு. ஆனால் மாலையில் கடைசி வீட்டுக் குழாயில் நிறம் வரவே இல்லை. தொட்டியில் ஏதோ இருக்கிறதா?

நீர்ச்சோதகர்:
0.1 வித்தியாசத்துக்குத் தொட்டியின் சுவரும் அடிமண்ணுமே போதிய காரணம். வாளிக்கு அவை கிடையாது. மாலைப் பூஜ்யம்தான் முக்கியமான செய்தி. முப்பது நிமிடத்தோடு நீரின் பசி அடங்குவதில்லை என்பதை உங்கள் வாளிகளே ஒரு மணி நேரத்தில் காட்டின. குழாய் முனையில் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். நாள் முழுவதும் நின்று செலவாகும் தொட்டியில் அளவை முடிவுசெய்வது அந்த மாலை எண்தான். முப்பது நிமிட எண் அன்று. நான்காவது வாளியின் அளவுக்குப் போங்கள்: 5 ÷ 20 × 5,400 = 1,350 மில்லிலிட்டர். மறுபடியும் காலையிலும் மாலையிலும் அளந்து சொல்லுங்கள்.

கூரைத்தொட்டி:
1,350 மில்லிலிட்டர் ஊற்றினோம். காலையில் முதல் குழாயில் 0.9, மாலையில் கடைசி வீட்டில் 0.3. காலையில் முதலில் நீர் பிடிக்கும் இரண்டு வீட்டார் மட்டும் மணம் அடிக்கிறது என்கிறார்கள்.

அளவுகோல்:
1,350 மில்லிலிட்டர் என்றால் பவுடர் 54 கிராம். நான் முதலில் சொன்னது 52. இரண்டு கிராம் வித்தியாசத்துக்கு நான்கு வாளி.

நீர்ச்சோதகர்:
தொட்டியை ஆயிரம் லிட்டருக்கு மேல் பெரிதாக எடுத்துக்கொண்டு, நீரின் பசியைக் குறைவாக எடுத்துக்கொண்டு, இரண்டும் எதிரெதிராக இழுத்ததால் வந்த 52 அது. அடுத்த மழையில் கிணறு கலங்கும்போது உங்கள் 52 அப்படியே நிற்கும்; வாளி வேறு எண்ணைக் காட்டும். கண்ணுக்குத் தெரியும் கலங்கல் இருந்தால் முதலில் தெளியவிடுங்கள், பிறகே குளோரின்.

ஆழ்துளை:
என் தொட்டியில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர். இதே வாளிச் சோதனையைச் செய்தேன். முதல் இரண்டு வாளிகளில் நிறம் கூடியது, மூன்றாவதில் குறைந்தது, நான்காவதில் ஏறக்குறைய இல்லை. அதிகமாகப் போட்டால் ஏன் மீதம் குறைகிறது? என்னுடையது மஞ்சள் நிறம் காட்டும் பழைய ஆர்த்தோடொலுடின் பெட்டி.

நீர்ச்சோதகர்:
அம்மோனியா இருந்தால் இப்படி நடக்கும். முதலில் குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்துகொள்கிறது. உங்கள் பெட்டி அந்தச் சேர்மத்தையும் குளோரினாகவே காட்டும். மேலும் குளோரின் போடும்போது அந்தச் சேர்மமே சிதைந்துபோகிறது, மீதம் விழுகிறது. அந்தப் பள்ளத்தைத் தாண்டிய பிறகு போடுவதுதான் தனிக் குளோரினாக மிஞ்சும். பள்ளத்துக்கு முன்னால் தெரிந்த மஞ்சளை நம்பி அளவை முடிவுசெய்யக் கூடாது; அந்தச் சேர்மத்தின் கிருமிக்கொல்லும் திறன் மிகவும் குறைவு. இன்னும் பெரிய அளவுகளோடு இரண்டு மூன்று வாளிகள் வைத்துப் பாருங்கள்.

துலக்கல்:
எங்கள் நீச்சல் குளத்தில் இதே போல் நிறம் மறைந்தது, ஆனால் காரணம் வேறு. குளோரின் மிக அதிகமாகிவிட்டால் அது நிறத்தையே வெளுத்துவிடும். பார்ப்பவர் பூஜ்யம் என்று நினைத்து மேலும் கொட்டுவார். ஒரு பங்கு நீருக்கு ஒன்பது பங்கு குளோரின் இல்லாத சுத்த நீர் சேர்த்து மறுபடி அளந்தால் நிறம் வந்துவிடும்.

நீர்ச்சோதகர்:
அது டிபிடியில் நன்கு தெரிந்த சிக்கல், சரியாகச் சொன்னீர்கள். ஆழ்துளை சொல்லும் சிறிய அளவுகளில் அது நடக்க வாய்ப்புக் குறைவு என்று நினைக்கிறேன், ஆனால் அவருடைய தாய்க் கரைசல் எவ்வளவு வீரியம் என்று நமக்குத் தெரியாது. ஆழ்துளை, நீர்த்து ஒரு முறை அளந்துவிடுங்கள். தனிக் குளோரினையும் மொத்தக் குளோரினையும் பிரித்துக் காட்டும் டிபிடி மாத்திரைகள் கிடைத்தால் அவற்றிலும் பாருங்கள். நீர் பழுப்பாகிறதா என்பதையும் எழுதுங்கள். பழுப்பானால் இரும்பும் இருக்கிறது.

ஆழ்துளை:
பழுப்பாகவில்லை. மாத்திரைகள் வந்ததும் அளந்து எழுதுகிறேன்.

மிதவை:
காலையில் ஒரே முறை நிரப்பும் தொட்டிக்கு இந்தக் கணக்கு சரி. எங்கள் தொட்டியில் மிதவை வால்வு. ஒருவர் குழாயைத் திறந்தால் மேலே புதிய நீர் விழுந்துகொண்டே இருக்கும். நீரை எப்போது அரை மணி நேரம் நிறுத்துவது?

நீர்ச்சோதகர்:
நிறுத்தவே முடியாது, ஆகவே தொட்டியில் ஊற்றும் முறை உங்களுக்குப் பொருந்தாது. உள்ளே வரும் குழாயிலேயே, வரும் நீரின் அளவுக்கு ஏற்பச் சொட்டுச் சொட்டாகக் கரைசல் விழும் அமைப்பு வேண்டும். உள்வாயும் வெளிவாயும் அருகருகே இருந்தால் அதுவும் பயனற்றுப்போகும், ஏனென்றால் புதிய நீர் தொட்டியைச் சுற்றாமலே வெளியேறிவிடும். உங்கள் தொட்டியில் இரண்டும் எங்கெங்கே இருக்கின்றன?

மிதவை:
ஒரே சுவரில், ஒரு முழ இடைவெளியில்.

கூரைத்தொட்டி:
இடையில் ஒரு கேள்வி. மணம் அடிக்கிறது என்ற அந்த இரண்டு வீடுகளுக்காக, காலையில் 1,080 மில்லிலிட்டரும் மதியம் தொட்டி பாதியானதும் சிறிதளவும் என்று பிரித்து ஊற்றலாமா?

நீர்ச்சோதகர்:
மதியம் ஊற்றும்போது கலக்குவதற்கு விழும் நீர் இருக்காது, வெளியேறும் வால்வையும் மறுபடி அரை மணி நேரம் மூட வேண்டியிருக்கும். பன்னிரண்டு வீட்டாரும் அதற்கு ஒப்புக்கொண்டால் செய்யலாம். இல்லாவிட்டால், அந்த இரண்டு வீட்டார் குடிநீரைப் பாத்திரத்தில் பிடித்து, மூடிவைத்துச் சிறிது நேரம் கழித்துப் பயன்படுத்துவதே எளிது.